எழுத்தில் தொடங்கும் பக்கம்: காமிக்ஸ் விமர்சனத்துக்கு ஒரு முறை

காமிக்ஸ் வரையத் தொடங்கியிருக்கும் ஒருவர் தம் பக்கத்தை நீட்டிக் கருத்துக் கேட்டால், நாம் பெரும்பாலும் ஓவியத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். கை சரியாக வரவில்லை, முகபாவம் நன்றாக இருக்கிறது, வண்ணம் கொஞ்சம் அடர்த்தி என்கிறோம். வாசகரோ ஓவியம் சுமாராக இருப்பதால் மட்டும் பக்கத்தைப் பாதியில் விடுவதில்லை. அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்று தெரியாதபோதும், பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்வியைப் பிறகு படிக்க நேரும்போதும், எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டிவரும்போதும்தான் அவர் கதையைவிட்டு வெளியே வருகிறார். கட்டங்களின் ஓட்டம், பேச்சு பலூனின் இடம், எழுத்தின் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பக்கத்தின் வாசிப்பு.

விமர்சனங்களில் இவை மூன்றும் தனித்தனிக் குறைகளாகவே பட்டியலிடப்படுகின்றன. உண்மையில் ஒன்று மற்றொன்றைத் தீர்மானிக்கிறது. எழுத்து எவ்வளவு பெரியதோ அதற்கேற்பப் பலூன் வளரும். பலூன் வளர்ந்தால் கட்டத்தில் படத்துக்கு மிஞ்சும் இடம் குறையும். அந்த இடம் போதாவிட்டால் கட்டத்தின் அளவையே மாற்ற வேண்டும். ஒரு கட்டம் மாறினால் பக்கத்தின் அமைப்பு மாறும். வரைபவர் பொதுவாகக் கட்டம், படம், பலூன், எழுத்து என்ற வரிசையில் போகிறார். விமர்சிப்பவர் இதற்கு நேர் எதிர்த் திசையில், எழுத்திலிருந்து வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழில் வரையப்படும் பக்கங்களுக்கு இது மேலும் பொருந்தும் என்பதற்குத் தமிழ் எழுத்தின் வடிவத்திலேயே காரணங்கள் இருக்கின்றன.

எழுத்து கடைசியில் வந்தது எப்படி?

எழுத்தைக் கடைசியில் சேர்ப்பது எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. கணினிக்கு முந்தைய அமெரிக்கப் பதிப்பகங்களில், பென்சில் ஓவியம் முடிந்த பலகை முதலில் எழுத்துக் கலைஞரிடம் போகும். அவர் பலூனையும் எழுத்தையும் மையால் எழுதி முடித்த பிறகே மைத்தீட்டுபவர் கைக்கு அது வரும். பலூன் இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் படம் முழுமை பெறும். 1950களில் திகில் கதைகளுக்குப் பெயர்பெற்ற ஈ.சி. நிறுவனம் இன்னும் ஒரு படி முன்னே போனது. ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீனின் வசனங்கள் வெற்றுப் பலகையில் எழுதப்பட்ட பிறகே, மிஞ்சிய இடத்தில் ஓவியர் வரையத் தொடங்குவார். இதனால் பல கட்டங்களில் பாத்திரங்களின் தலைக்கு மேல் வசனம் கனமாக நிற்பதையும் காணலாம். ஆனாலும் அங்கே எழுத்துக்கு இடம் இல்லாமல் போனதில்லை.

1990களில் கணினி எழுத்துரு பரவியது. ரிச்சர்ட் ஸ்டார்க்கிங்ஸின் காமிக்ராஃப்ட் போன்ற நிறுவனங்கள் எழுத்தைத் தனி அடுக்காக, முடிந்த ஓவியத்தின் மேல் வைக்கத் தொடங்கின. வேலை வேகமானது, திருத்துவதும் எளிதானது. ஆனால் எழுத்துக்கான இடத்தை ஓவியர் மறந்துவிடும் வாய்ப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் வேறு வழியில் நுழைந்தது. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து தொடங்கியபோது, அவை பெரும்பாலும் மொழிபெயர்ப்புக் கதைகளையே தந்தன. பலூன் ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ இத்தாலியனுக்கோ வரையப்பட்டது. அதன் சுற்றளவு மாறாது; அதற்குள் தமிழ் அடங்க வேண்டும். இரண்டு தலைமுறைத் தமிழ் வாசகர்களும் ஓவியர்களும் இந்தப் பக்கங்களைப் பார்த்தே வளர்ந்தோம். அதனால்தான் சொந்தக் கதை வரையும்போதும், பலூன் என்பது முன்பே இருக்கும் பாத்திரம், வசனத்தை அதற்குள் எப்படியாவது ஊற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் தங்கியிருக்கிறது. சொந்தப் பக்கம் வரைபவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஒரு மாதிரிப் பக்கம்

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்தது. இதிலுள்ள குறைகள் புதியவர்களின் பக்கங்களில் அடிக்கடி காணப்படுபவை. ஏ3 தாளில் வரையப்பட்டு, ஏ5 அளவில் அச்சாகப்போகும் பக்கம். ஐந்து கட்டங்கள்.

மேல் இடது மூலையில் முதல் கட்டம்: விடியற்காலை, ஒரு சிறுவன் இடமிருந்து வலமாகக் கடற்கரையை நோக்கி ஓடுகிறான். வலப்புறம் பக்கத்தின் முக்கால் உயரத்துக்கு இரண்டாவது கட்டம்: முளையருகே பாட்டி நிற்கிறாள், வள்ளம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. "வள்ளத்தைக் காணோம்டா." முதல் கட்டத்துக்குக் கீழே, இடப்புறம் மூன்றாவது கட்டம்: முளையில் தொங்கும் கயிற்றின் நுனி, கத்தியால் வெட்டிய தடத்தோடு. அடிவரிசையில் நான்காவது கட்டம்: பாட்டி இடப்பக்கம், பேரன் வலப்பக்கம். பேரன் கேட்கிறான், "கயிறு அறுந்துடுச்சா பாட்டி?" பாட்டி சொல்கிறாள், "அறுந்து போகலடா. யாரோ அறுத்திருக்காங்க." அதற்கு வலப்புறம், ஒடுங்கிய ஐந்தாவது கட்டத்தில் பேரனின் முகம் மட்டும். "அப்படின்னா நேத்து ராத்திரி கரையில டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னவங்கதான் இதைச் செஞ்சிருக்காங்க, நான் ஜன்னல் வழியா பார்த்தேன் பாட்டி."

ஏ3 தாளில் வசனங்கள் 14 பாயின்ட் அளவில் இருக்கின்றன. ஐந்தாவது கட்டத்தில் மட்டும் இடம் போதாமல் 11 பாயின்ட். இனி எழுத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் எழுத்தின் அளவு

ஏ3 தாள் ஏ5 ஆகும்போது நீளமும் அகலமும் சரிபாதியாகின்றன. 14 பாயின்ட் எழுத்து அச்சில் 7 பாயின்ட். 11 பாயின்ட் எழுத்து ஐந்தரை. வரையும் மேசையில் தாராளமாகத் தெரிந்த எழுத்து புத்தகத்தில் மருந்து டப்பாவின் குறிப்புபோல் ஆகிவிடும். எனவே விமர்சகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பக்கம் எந்த அளவில் அச்சாகும் என்பதே. அது தெரியாமல் எழுத்து பெரிது, சிறிது என்று சொல்ல வழியில்லை.

ஆங்கில மரபில் ஒப்பிட ஓர் அளவு இருக்கிறது. கையால் எழுதிய காலத்தில் கோடு போடப் பயன்பட்ட ஏம்ஸ் அளவுகோலைப் பலர் மூன்றரை என்ற எண்ணில் வைத்தார்கள். அது ஓர் அங்குலத்தின் 32இல் மூன்றரைப் பங்கு, ஏறத்தாழ 2.8 மி.மீ. பலகை மூன்றில் இரண்டாகச் சுருங்கி அச்சாகும்போது அது சுமார் 1.8 மி.மீ. உயரத்துக்கு வரும். ஆங்கில காமிக்ஸ் பெரும்பாலும் பெரிய எழுத்துகளால் எழுதப்படுவதால் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே உயரம். மேலேயும் கீழேயும் எதுவும் நீளாது. வரிகளை நெருக்கி அடுக்கலாம்.

தமிழில் அது முடியாது. கி, கீ, க் என்று மேலே ஏறுகிறது. மு, மூ, ழு என்று கீழே இறங்குகிறது. பாயின்ட் கணக்கும் எழுத்துருவுக்கு எழுத்துரு ஏமாற்றும், ஏனென்றால் ஒரே பாயின்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ஆகவே அளவுகோலை எடுத்து 'ப' என்ற ஓர் எழுத்தின் உயரத்தை அளப்பதே நம்பகமானது. அச்சில் அது 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது என் பரிந்துரை. பெரும்பாலான எழுத்துருக்களில் அது எட்டு அல்லது ஒன்பது பாயின்டில் கிடைக்கும். பாதியாகச் சுருங்கும் தாளில் வரைபவர் 3.2 மி.மீ. உயரத்தில் எழுத வேண்டும்.

எழுத்து சிறுத்துவிட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் 'கட்டம்' என்பது 'கடடம' ஆகிவிடும். வாசகர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். இரண்டாவது அடையாளம் வரிகளின் மோதல். மேல் வரியில் ஒரு 'மூ' அல்லது 'ழு', அதற்கு நேர் கீழே ஒரு 'ட்' அல்லது 'கீ' வரும்படி இரண்டு வரிகளை எழுதிப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் வளைவைக் கீழிருந்து ஏறும் புள்ளியோ சுழியோ தொட்டால் வரியிடைவெளி போதாது. ஆங்கிலத்துக்கு வைத்திருந்த வரியிடைவெளியை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்பவர்களிடம் இந்தக் குறை தவறாமல் இருக்கும்.

மூன்றாவது, சொற்களின் நீளம். ஐந்தாவது கட்டத்தில் 'அடிச்சுக்கிட்டு' என்ற ஒரு சொல்லே எட்டு எழுத்து. படிக்கும்படியான அளவில் அது அச்சில் ஏறத்தாழ 18 மி.மீ. அகலம் பிடிக்கும். ஒடுங்கிய அந்தக் கட்டத்தின் பலூனில், ஓரத்துக்குக் காற்றோட்டமான இடம் விட்டால் 24 மி.மீ.தான் மிஞ்சுகிறது. வரிக்கு ஒரு சொல், சில இடங்களில் இரண்டு. பதினான்கு சொற்களும் ஒரு தூணாக நின்று முகத்தை மறைக்கும். ஓவியர் எழுத்தைச் சுருக்கியதற்குக் காரணம் இதுதான். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகவும் தமிழில் கட்டுப்பாடு உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கக் கூடாது. அது படிப்பவரை உடனே தடுமாறவைக்கும்.

அமெரிக்க வழக்கில், ஆறு கட்டங்கள் உள்ள பக்கத்தில் கட்டத்துக்கு 35 சொற்களுக்கு மேல் வேண்டாம் என்றொரு வரம்பு பேசப்படுகிறது. அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக நிற்பது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. ஏ5 பக்கத்தில் ஒரு கட்டத்துக்குப் பதினைந்து சொற்கள், அதிலும் ஒடுங்கிய கட்டத்துக்கு எட்டுக்குள் என்பது வேலைக்கு உதவும் கணக்கு.

ஆகவே ஐந்தாவது கட்டத்துக்கான கருத்து 'எழுத்தைப் பெரிதாக்குங்கள்' என்று முடியக் கூடாது. அப்படிச் சொன்னால் ஓவியரால் செய்ய முடியாது. வசனத்தைத்தான் வெட்ட வேண்டும். "நேத்து ராத்திரி கரையில டார்ச் வெளிச்சம்." பிறகு, சற்றுக் கீழே இன்னொரு சிறிய பலூனில், "நான் பார்த்தேன் பாட்டி." எட்டுச் சொற்கள். யார் செய்தார்கள் என்ற ஊகத்தைச் சிறுவன் சொல்லத் தேவையில்லை, வாசகரே அந்த முடிவுக்கு வருவார். இரண்டு பலூன்களுக்கு நடுவே ஒரு மூச்சு விடும் நேரமும் கிடைக்கிறது.

அடுத்து பலூனின் இடம்

நான்காவது கட்டத்தில் எழுத்தின் அளவைச் சரிசெய்தால் மட்டும் போதாது. இடப்பக்கம் நிற்கும் பாட்டியின் பலூன் மேல் இடது மூலையில் இருக்கிறது. பேரனின் பலூன் அதே உயரத்தில் வலப்பக்கம். வாசகர் முதலில் "அறுந்து போகலடா" என்ற பதிலைப் படிக்கிறார். பிறகுதான் கேள்வி வருகிறது. திரும்பிப் போய்ச் சரியாகப் படிக்க ஒரு நொடிதான் ஆகும். ஆனால் 'யாரோ அறுத்திருக்காங்க' என்ற சொல்லின் வேகம் அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது.

பலூன்களைப் படிக்கும் வரிசையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உயரம், இடப்பக்கம். மேலே இருப்பதை முதலில் படிக்கிறோம். ஒரே உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் இருப்பதை முதலில் படிக்கிறோம். ஒன்று இடப்பக்கத்தில் தாழ்ந்தும் மற்றது வலப்பக்கத்தில் சற்றே உயர்ந்தும் இருந்தால் இரண்டு விதிகளும் மோதுகின்றன, வாசகர்கள் பிரிந்துபோகிறார்கள். உயர வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அரைகுறை வேறுபாடுதான் கெடுக்கிறது.

நான்காவது கட்டத்தைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் படத்தைத் தொடாமல், பேரனின் பலூனைக் கட்டத்தின் நடுவில் உச்சிக்குக் கொண்டுபோய் அதன் வாலை வலப்பக்கம் இறக்கலாம். பாட்டியின் பலூனை அதற்குக் கீழே இடப்பக்கம் வைத்து வாலை இடப்பக்கம் இழுக்கலாம். வால்கள் ஒன்றையொன்று வெட்டாது. ஆனால் இதற்குத் தலைக்கு மேல் இரண்டு பலூன்களுக்கு உயரம் வேண்டும். அது இந்தக் கட்டத்தில் இல்லை. இரண்டாவது வழி இருவரையும் இடம் மாற்றி வரைவது. அதுவே சரியான வழி, அதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. முதல் கட்டத்தில் சிறுவன் இடமிருந்து ஓடிவந்தான். பாட்டி வலப்பக்கம் கடலருகே நின்றாள். நான்காவது கட்டத்தில் அவன் வலப்பக்கம் போய் நிற்க எந்தக் காரணமும் இல்லை. முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும் என்ற விதியும், திசை மாறக் கூடாது என்ற விதியும் இங்கே ஒரே திருத்தத்தைக் கேட்கின்றன.

வாலைப் பற்றி ஒரு சொல். அது பேசுபவரின் வாயை நோக்கிப் போக வேண்டும்; பலூனுக்கும் வாய்க்கும் இடையிலான தூரத்தில் பாதியையோ சற்று அதிகமாகவோ கடந்து நின்றால் போதும். வாயைத் தொட்டால் குத்துவதுபோல் தோன்றும். மிகக் குட்டையாக இருந்தால் யார் பேசுகிறார்கள் என்று தேட வேண்டியிருக்கும். பலூனின் விளிம்பு தலைமுடியையோ தோளையோ கட்டத்தின் கோட்டையோ மயிரிழையில் உரசிக்கொண்டு நிற்பதும் பெரிய குறை. உரசினால் இரண்டு வடிவங்களும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். நன்றாக மேலே ஏற வேண்டும் அல்லது நன்றாக விலக வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, பலூன்களின் நடுப்புள்ளிகளை மட்டும் பேச்சின் வரிசைப்படி கோட்டால் இணையுங்கள். கோடு இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் வழிந்து போனால் நல்லது. ஒரு கட்டத்துக்குள் கோடு வலமிருந்து இடமாக அதே உயரத்தில் போனாலோ மேலே ஏறினாலோ, தன்னையே வெட்டிக்கொண்டாலோ, அந்த இடத்தில்தான் வாசகர் தடுக்குவார்.

கடைசியாகக் கட்டங்களின் ஓட்டம்

மேற்பகுதியில்தான் இந்தப் பக்கத்தின் மிகப் பெரிய குறை இருக்கிறது. ஓவியர் நினைத்த வரிசை: ஓடும் சிறுவன், வள்ளம் இல்லாத வெறுமை, பிறகு வெட்டப்பட்ட கயிறு. வாசகர் படிக்கும் வரிசை வேறு. இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள், வலப்பக்கம் அவற்றை அணைத்தபடி ஓர் உயரமான கட்டம் என்றால், பெரும்பாலானோர் முதல் கட்டத்திலிருந்து வலப்பக்கம் போகாமல் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

இதை நீல் கோன் என்ற ஆய்வாளர் சோதித்திருக்கிறார். 2013இல் வெளியான ஆய்வில், படமோ எழுத்தோ இல்லாத வெற்றுக் கட்டங்களைக் கொண்ட பக்கங்களைக் கொடுத்து, எந்த வரிசையில் படிப்பீர்கள் என்று எண்ணிடச் சொன்னார். சாதாரண அடுக்கில் இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரிசை என்றே கிட்டத்தட்ட எல்லோரும் போனார்கள். உயரமான ஒரு கட்டம் வலப்பக்கம் நின்று வரிசைக் கோட்டை மறித்தபோது, பெரும்பாலானோர் இடப்பக்கத்தை மேலிருந்து கீழாக முடித்துவிட்டுத்தான் உயரமான கட்டத்துக்குப் போனார்கள். கட்டங்களுக்கிடையே பக்கவாட்டு இடைவெளி மிகவும் அகன்றிருந்தாலும் கீழே இறங்கும் போக்கு அதிகரித்தது. இதற்கு மாறாக, கட்டங்களின் விளிம்பு சற்றே ஏற்ற இறக்கமாக இருப்பது வரிசையை அவ்வளவாகக் குலைக்கவில்லை. படம் எதுவும் இல்லாமலே இந்த விருப்பங்கள் தோன்றுகின்றன என்பதுதான் முக்கியம். பக்கத்தின் எலும்புக்கூடே ஒரு வரிசையைச் சொல்கிறது. ஓவியம் அதோடு சேர்ந்து போகலாம் அல்லது முரண்படலாம்.

நம் பக்கத்தில் முரண்படுகிறது. வாசகர் வள்ளம் காணாமல் போனதை அறியும் முன்பே வெட்டிய கயிற்றைப் பார்த்துவிடுகிறார். நான்காவது கட்டத்தில் பாட்டி சொல்லப்போகும் செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது.

சில ஓவியர்கள் இதை அம்புக்குறியாலோ கட்டத்தில் எண் போட்டோ சரிசெய்யப் பார்ப்பார்கள். அது வாசகரிடம் மன்னிப்புக் கேட்பதற்குச் சமம். பலூனைப் பாலமாகப் பயன்படுத்துவது இதைவிட நல்ல வழி. முதல் கட்டத்தில் சிறுவன் "பாட்டி!" என்று கத்துவதாக ஒரு பலூனைச் சேர்த்து, அது நடுக்கோட்டைத் தாண்டி இரண்டாவது கட்டத்தின் மேல் விழுந்தால், கண் அதைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் போகும். ஆனால் பலூன் எலும்புக்கூட்டோடு சண்டையிட வேண்டியிருப்பதால் அது எல்லோரிடமும் வெற்றி பெறாது. உறுதியான திருத்தம் அமைப்பை மாற்றுவதே. மேல்வரிசையில் சிறுவனும் பாட்டியும் ஒரே உயரமுள்ள இரண்டு கட்டங்களில். வெறுமை தெரிய வேண்டும் என்பதால் பாட்டியின் கட்டம் அகலத்தில் பெரியது. நடுவரிசையில் கயிற்றின் நுனி பக்கத்தின் முழு அகலத்துக்கும், உயரம் குறைவாக. அடிவரிசையில் உரையாடலும் முகமும். வரிசைகளுக்கு நடுவேயுள்ள வெள்ளை இடைவெளி, ஒரே வரிசைக் கட்டங்களின் நடுவேயுள்ளதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்.

இந்தத் திருத்தத்தை முதலில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓவியர் மேற்பகுதியை மாற்றியிருப்பார். ஐந்தாவது கட்டம் ஒடுங்கியே இருந்திருக்கும். எழுத்து சிறிதாகவே தங்கியிருக்கும். எழுத்திலிருந்து வந்ததால், அடிவரிசைக்கு எவ்வளவு உயரம் தேவை என்பது முன்பே தெரிந்துவிட்டது. கயிற்றுக் கட்டத்தைத் தாழ்வாக வைக்கலாம் என்ற முடிவு அதிலிருந்துதான் கிடைத்தது.

விதிகளின் எல்லை

இந்த அளவுகள் எல்லாக் கதைகளுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. 1986-87இல் வெளிவந்த 'வாட்ச்மென்' கதையில் டேவ் கிப்பன்ஸ் பக்கத்துக்கு ஒன்பது கட்டங்கள் என்ற சம அடுக்கை அடிப்படையாக வைத்தார். எழுத்தையும் அவரே எழுதினார். ஓட்டத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லாததால், சிறு கட்டங்களிலும் வாசகரின் கவனம் முழுவதும் படத்திலும் சொல்லிலும் நின்றது. ஜப்பானிய மங்காவில் எழுத்து செங்குத்தாக இறங்குவதால் பலூன் உயரமாகவும் ஒடுங்கியும் இருக்கிறது. மங்காவை விரும்பிப் படிக்கும் தமிழ் இளைஞர்கள் அதே பலூன் வடிவத்தில் தமிழை எழுதும்போது ஐந்தாவது கட்டத்தின் துன்பம்தான் நேர்கிறது. தமிழுக்கு அகன்ற பலூனே இயல்பு. கனவு, போதை, கலவரம் போன்ற காட்சிகளில் வாசகர் வழி தவற வேண்டும் என்றே ஓவியர் நினைத்தால், வரிசையைக் குலைப்பதும் முறைதான். ஆனால் அதை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று விமர்சகர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசியில் படிப்பதற்கென்றே வரையும் பக்கத்துக்கு எழுத்தின் கணக்கு முழுவதும் மாறும். ஏ5 பக்கம் கைபேசித் திரையில் பாதி அகலத்துக்கும் குறைவாகச் சுருங்குகிறது. அச்சுக்குச் சரியான எழுத்தை அங்கே விரலால் பெரிதாக்காமல் படிக்க முடியாது.

ஒரு பக்கத்தைக் கையில் வாங்கும் நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பக்கத்தை அச்சாகும் அளவிலேயே நகலெடுங்கள். கதை தெரியாத ஒருவரிடம், முடிந்தால் ஐம்பது வயதைத் தாண்டியவரிடம் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே திரும்பிப் போகிறார், எந்தச் சொல்லை மாற்றிப் படிக்கிறார் என்பதைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு எழுத்து, பலூன், கட்டம் என்ற வரிசையில் காரணம் தேடுங்கள். 'நன்றாக இல்லை' என்ற சொல்லை விட்டு, 'இந்தக் கட்டத்தில் ஆறு சொல் குறையுங்கள், இவர்களை இடம் மாற்றுங்கள், இந்தக் கட்டத்தைப் படுக்கவையுங்கள்' என்று சொல்லுங்கள். வரைபவர் அடுத்த பக்கத்தைத் தொடங்கும்போது, பென்சில் கோடு போடும் முன்பே வசனத்தை உரிய அளவில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.